நாட்டின் மையம், மக்கள்தொகையின் மையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், பள்ளியில் புவியியல் நடத்துகிற ஆசிரியர்கள், வரைபடத்தில் ஆர்வம் உள்ள நண்பர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். கணக்கு போட்டுக் காட்ட நம்ம இரண்டு மாவட்டங்களையே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் விடை சரியா தப்பா என்று ஊர் தெரிந்தவர்களுக்கு உடனே புலப்படும். நாட்டுக்கும் இதே கணக்குதான், எண்கள் மட்டும் பெரிதாகும்.

நாட்டோட மையம்னு சொல்றாங்களே, அது ஒண்ணுதானா, இல்ல ரெண்டு மூணு இருக்கா?

குறைந்தது இரண்டு. நிலத்தை மட்டும் பார்த்தால் கிடைப்பது புவியியல் மையம். நாட்டின் வடிவத்தை ஒரே கனமுள்ள தகட்டில் வெட்டி எடுத்து, அதை ஒரு ஊசி முனையில் சாயாமல் நிறுத்தினால் ஊசி எங்கே நிற்குமோ அந்த இடம். காடு, பாலை, நகரம் என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது, ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் ஒரே எடைதான்.

மனிதர்களை மட்டும் பார்த்தால் கிடைப்பது மக்கள்தொகை மையம். இங்கே தகட்டுக்கு எடையே இல்லை என்று வைத்துக்கொண்டு, ஆளாளுக்கு ஒரே எடை கொடுத்து அவரவர் வசிக்கும் இடத்தில் நிறுத்துகிறோம். அது எந்தப் புள்ளியில் சமநிலைக்கு வருகிறதோ அதுதான் மையம். இதிலும் சராசரி மையம், இடைநிலை மையம் என்று வகைகள் உண்டு, கீழே வரும்.

நாக்பூர்தானே இந்தியாவோட மையம்? அங்க கல்லே நட்டிருக்காங்களே?

நாக்பூரில் இருக்கும் ஜீரோ மைல் கல் பிரிட்டிஷ் காலத்து நில அளவைப் பணியோடு சேர்ந்தது. நிலப்பரப்பைக் கணக்கிட்டு மையம் கண்டுபிடித்து அதில் நட்ட கல் இல்லை. படத்தில் பார்த்தால் நாக்பூர் நடுவில் இருப்பது போலத் தெரிவதால் மையம் என்ற பேச்சு நிலைத்துவிட்டது. பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால் புள்ளி இன்னும் வடக்கே, மத்தியப் பிரதேசத்துக்குள் போகிறது. அந்த மாநிலத்தின் கட்னி மாவட்டத்தில் கரௌந்தி என்ற ஊரைத்தான் மையம் என்று அடையாளம் காட்டுகிறார்கள். நாக்பூரிலிருந்து அது 250 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால், ஜீரோ மைல் கல் எங்கே என்று கேட்கிறார்களா, புவியியல் மையம் எங்கே என்று கேட்கிறார்களா என்று பார்த்து எழுதுங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

அட்டையை வெட்டித்தான். 1918இல் அமெரிக்காவின் கடலோர நில அளவைத் துறை, அப்போதிருந்த 48 மாநிலங்களின் வரைபடத்தை அட்டையில் வெட்டி, அது எங்கே சமநிலையில் நிற்கிறது என்று பார்த்தது. கான்சாஸ் மாநிலத்தில் லெபனான் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் விழுந்தது. 1959இல் அலாஸ்காவும் ஹவாயும் மாநிலங்களாகச் சேர்ந்ததும் மையம் தெற்கு டகோட்டாவில் பெல் ஃபூர்ஷ் என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டது. அங்கே நிலம் இருந்த இடத்தில்தான் இருந்தது, எதையெல்லாம் நாடு என்று எண்ணுவது என்பதுதான் மாறியது.

வகுப்பில் செய்து பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. மாவட்ட வரைபடத்தை கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டு ஆணியில் தொங்கவிட்டு, அதே ஆணியிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு நூலையும் விட்டு, நூல் போகும் வழியில் கோடு போடுங்கள். வேறொரு ஓரத்தில் ஓட்டை போட்டு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் மையம். மூன்றாவது கோடும் அதே இடத்தில் வெட்டவில்லை என்றால் அட்டை வளைந்திருக்கும், அல்லது ஓட்டை இறுக்கமாக இருந்து அட்டை தானாகத் தொங்காமல் மாட்டிக்கொண்டிருக்கும்.

எல்லைக்கோட்டுல இருக்கிற புள்ளிகளோட அட்சரேகை, தீர்க்கரேகையை சராசரி எடுத்தா மையம் வந்துடாதா?

வராது. கணினியில் முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் விழுகிற குழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லைக்கோடு என்பது கோப்பில் வரிசையாக நிற்கும் புள்ளிகள்தான். நேரான எல்லைக்கு இரண்டு புள்ளி போதும், நெளிந்து போகிற எல்லைக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் மேற்கு ஓரம் ஒகேனக்கல் வழியாகக் காவிரியோடு போகிறது. ஆற்றின் ஒவ்வொரு வளைவுக்கும் புள்ளி வைத்திருப்பார்கள். சராசரி எடுத்தால் புள்ளி நெருக்கமாக உள்ள பக்கம் விடையை இழுத்துக்கொள்ளும்.

எவ்வளவு இழுக்கும் என்று பார்க்க, 10 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் சதுர நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிழக்குப் பக்கம் இரண்டு மூலைக்கு இரண்டு புள்ளி, மேற்குப் பக்கம் ஆறு ஓடுவதால் மூலைகளையும் சேர்த்து 98 புள்ளி. கிழக்கு மேற்காகப் பார்த்தால் மையம் மேற்கு ஓரத்திலிருந்து 5 கிலோமீட்டரில் இருக்க வேண்டும். புள்ளிகளின் சராசரி எடுத்தால் 0.2 கிலோமீட்டர் என்று வரும், அதாவது ஆற்றங்கரையிலேயே.

சரியான வழி பரப்பை எடையாக வைப்பது. நம்ம ஊர் சர்வேயர் புலப்படத்தில் வயலை முக்கோணங்களாகப் பிரித்துப் பரப்பு போடுகிற மாதிரி, நாட்டை முக்கோணங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு முக்கோணத்தின் மையமும் அதன் மூன்று மூலைகளின் சராசரி. அந்த மையத்தை முக்கோணத்தின் பரப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுத்தால் முடிந்தது. QGIS என்ற வரைபட மென்பொருளில் `Centroids` என்ற கருவி உள்ளுக்குள் இதைத்தான் செய்கிறது. ஒன்றே ஒன்று, அதற்கு முன்னால் வரைபடத்தைப் பரப்பு கெடாத வீழலுக்கு, அதாவது உருண்டைப் பூமியைப் பரப்பு மாறாமல் தட்டையாக விரிக்கும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உலக வரைபடத்தில் அடிக்கடி பார்க்கும் மெர்கேட்டர் வீழலில் வடக்கே போகப் போக நிலம் வீங்கும், காஷ்மீரின் ஒரு சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரியின் ஒன்றைவிடப் பெரிதாகத் தெரியும், மையமும் வடக்கே சறுக்கும்.

தீவுகளையும் சேர்க்கணுமா? அந்தமான் சேர்த்தா மையம் கடல் பக்கம் போயிடாதா?

சேர்ப்பதா வேண்டாமா என்பது நீங்கள் எடுக்கிற முடிவு, ஆனால் எந்தப் பக்கம் முடிவெடுத்தீர்கள் என்று எழுதி வைக்க வேண்டும். எவ்வளவு நகரும் என்பதை மனக்கணக்காகவே போடலாம். அந்தமான் நிக்கோபாரின் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர், இந்தியா சுமார் 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது நானூற்றில் ஒரு பங்கு. மத்தியப் பிரதேசத்திலிருந்து தீவுகள் சுமார் 1,900 கிலோமீட்டர் தூரம். 1,900இல் நானூற்றில் ஒரு பங்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். தீவுகளைச் சேர்த்தால் மையம் தென்கிழக்கே அவ்வளவுதான் நகரும், கடலுக்கெல்லாம் போகாது.

பங்கையும் தூரத்தையும் பெருக்கும் இந்தச் சுருக்குவழியை நினைவில் வையுங்கள், ஓசூர் பற்றிய கேள்வியில் மறுபடி வரும். வடக்கே எல்லையை எந்தக் கோட்டில் வைக்கிறோம் என்பது தீவுகளைவிடப் பெரிய வித்தியாசம் தரும், ஏனென்றால் அங்கே பரப்பு அதிகம். ஆஸ்திரேலியாவில் இதே மாதிரி எதைச் சேர்ப்பது, எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்விகளால் ஒரே நாட்டுக்குப் பல மையங்கள் உண்டு. 1988இல் கடற்கரையில் 24,500 புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டது அவற்றில் பிரபலமானது, நில அளவையாளர் புரூஸ் லாம்பர்ட் பெயரால் அதை லாம்பர்ட் மையம் என்கிறார்கள்.

சரி, மக்கள்தொகை மையத்தை எப்படிக் கணக்குப் போடறது? ஒண்ணு போட்டுக் காட்டுங்க.

நான்கு ஊர்களை மட்டும் எடுக்கிறேன். 2011 கணக்கெடுப்பின் நகர மக்கள்தொகையை ஆயிரத்துக்கு முழுமையாக்கி எடையாக வைத்திருக்கிறேன்.

| ஊர் | அட்சரேகை | தீர்க்கரேகை | எடை (ஆயிரம்) |
|---|---|---|---|
| ஓசூர் | 12.74 | 77.83 | 117 |
| கிருஷ்ணகிரி | 12.52 | 78.21 | 71 |
| தருமபுரி | 12.13 | 78.16 | 69 |
| அரூர் | 12.05 | 78.48 | 25 |

மொத்த எடை 282. ஒவ்வொரு ஊரின் அட்சரேகையையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டினால் 3517.72 வரும். அதை 282ஆல் வகுத்தால் 12.474. தீர்க்கரேகைக்கும் இப்படியே செய்தால் 78.064. விரிதாளில் ஊர்ப்பெயர் A, அட்சரேகை B, தீர்க்கரேகை C, எடை D என்று வைத்திருந்தால் ஒரு வரியில் முடியும்:

```
=SUMPRODUCT(B2:B5,D2:D5)/SUM(D2:D5)
```

இந்தப் புள்ளி ராயக்கோட்டைக்குத் தென்கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி விழுகிறது. நான்கு ஊருக்கும் ஒரே எடை கொடுத்திருந்தால் 12.36, 78.17 என்று வந்திருக்கும், அது காவேரிப்பட்டணத்துக்குத் தென்மேற்கே. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 17 கிலோமீட்டர் ஓசூரின் எடை செய்த வேலை. இன்னொன்றையும் கவனியுங்கள். ராயக்கோட்டை இந்த நான்கு ஊரில் இல்லவே இல்லை. மக்கள்தொகை மையம் என்றால் அங்கே மக்கள் நெருக்கமாக இருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அந்தப் புள்ளியில் ஒரு வீடுகூட இல்லாமல் இருக்கலாம்.

அமெரிக்கா சென்சஸ் ஃபார்முலால cos வருதே, நீங்க போட்ட கணக்குல அது இல்லையே?

இல்லை, ஏனென்றால் நம்ம அளவுக்கு அது தேவைப்படவில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை பயன்படுத்துவது இது:

```
lat = Σ(w·φ) / Σw
lon = Σ(w·λ·cos φ) / Σ(w·cos φ)
```

`w` என்பது ஆட்கள், `φ` அட்சரேகை, `λ` தீர்க்கரேகை. ஒரு பாகை அட்சரேகை எங்கே அளந்தாலும் ஏறக்குறைய 111 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு பாகை தீர்க்கரேகை பூமத்திய ரேகையில்தான் 111, வடக்கே போகப் போகச் சுருங்கி துருவத்தில் பூச்சியமாகிவிடும். நம்ம பக்கம் சுமார் 108.7, ஸ்ரீநகர் பக்கம் போனால் 92 போல. வடக்கே இருப்பவரை ஒரு பாகை கிழக்கே தள்ளினால் உண்மையில் அவர் கொஞ்ச தூரம்தான் நகர்கிறார், அதனால் அவருடைய தீர்க்கரேகைக்குக் கொஞ்சம் குறைந்த எடை கொடுக்கச் சொல்கிறது அந்த cos.

மேலே உள்ள நான்கு ஊருக்கும் cos சேர்த்துப் போட்டால் தீர்க்கரேகை 78.0640 என்பது 78.0642 ஆகிறது. தரையில் 20 மீட்டர் வித்தியாசம். கன்னியாகுமரியிலிருந்து லடாக் வரை போகும் நாட்டுக்கு அதை விட்டுவிட முடியாது, கட்டாயம் போடுங்கள்.

ஓசூர் இப்ப ரொம்ப வளர்ந்துடுச்சே, அப்ப மையம் எவ்வளவு நகரும்?

ஓசூரின் எடை 117 என்பது இரட்டிப்பாகி 234 ஆனதாக வைத்துக்கொள்வோம், மற்ற மூன்றும் அப்படியே. மொத்தம் 399. புதிதாகச் சேர்ந்த 117 ஆயிரம் பேர் மொத்தத்தில் 29.3 சதவீதம். பழைய மையத்திலிருந்து ஓசூர் 39 கிலோமீட்டர் தூரம். 39இல் 29.3 சதவீதம் 11.4 கிலோமீட்டர். மையம் ஓசூரை நோக்கி நேர்கோட்டில் அவ்வளவு நகரும், 12.552, 77.995க்கு. முழுக்கணக்கையும் திரும்பப் போட்டாலும் அதே விடைதான் வரும்.

அமெரிக்காவின் கதையும் இதே கணக்குதான். 1790இல் முதல் கணக்கெடுப்பின்போது மையம் கிழக்குக் கடற்கரையோரம் மேரிலாண்டில் செஸ்டர்டவுன் ஊர்ப் பக்கம் இருந்தது. மேற்கே ஆட்கள் குடியேறக் குடியேற அதுவும் மேற்கே நகர்ந்துகொண்டே போய், 2010இல் மிசூரி மாநிலத்தில் பிளேட்டோ, 2020இல் அதே மாநிலத்தில் ஹார்ட்வில் என்று வந்து நிற்கிறது. யாருமே இடம் பெயராமல், ஒரு பக்கம் பிறப்பு அதிகமாக இருந்தாலும் மையம் நகரும். அதனால் மையம் நகர்ந்ததை மட்டும் வைத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.

இடைநிலை மையம்னா என்ன? அதுவும் இதுவும் வேற வேற ஊரைக் காட்டுதே?

வடக்கு தெற்காக ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கிழக்கே பாதிப் பேர், மேற்கே பாதிப் பேர் வருகிற மாதிரி நகர்த்துங்கள். கிழக்கு மேற்காக இன்னொரு கோடு, வடக்கே பாதி தெற்கே பாதி. இரண்டும் வெட்டும் இடம் இடைநிலை மையம். நம்ம நான்கு ஊரில் மொத்தம் 282, பாதி 141. மேற்கிலிருந்து எண்ணினால் ஓசூர் 117, அடுத்து தருமபுரி சேர்ந்தால் 186, ஆக 141 தாண்டுவது தருமபுரியில்: 78.16. தெற்கிலிருந்து எண்ணினால் அரூர் 25, தருமபுரி சேர்ந்து 94, கிருஷ்ணகிரி சேர்ந்து 165, ஆக 12.52. அந்தப் புள்ளி கிருஷ்ணகிரி நகரத்துக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர் போல. சராசரி மையம் ராயக்கோட்டைப் பக்கம் இருக்கும்போது இது இங்கே நிற்பதற்குக் காரணம், இடைநிலைக்கு எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு, ஒருவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது கணக்கே இல்லை. ஓசூர்க்காரர்கள் எல்லாரையும் வடமேற்கே பெங்களூருக்கே கொண்டுபோய் வைத்தாலும் இது அசையாது, சராசரி மையம் அவர்கள் பின்னாலேயே போகும்.

அதற்காக இது எப்போதும் அசையாது என்று நினைக்க வேண்டாம். முந்தைய பதிலில் வந்த 234ஐ வைத்துப் பாருங்கள். மொத்தம் 399, பாதி 199.5, ஓசூர் ஒன்றிலேயே பாதிக்கு மேல் இருக்கிறார்கள். இரண்டு கோடுமே ஓசூர் மேல் போய் உட்கார்ந்துவிடும். சராசரி மையம் 11 கிலோமீட்டர் நகர்ந்த அதே மாற்றத்துக்கு இது 40 கிலோமீட்டருக்கு மேல் ஒரே தாவாகத் தாவுகிறது. கோடிக்கணக்கான பேர் பரவி இருக்கிற நாட்டில் இப்படித் தாவாது. ஆனாலும் இரண்டும் தள்ளித்தான் நிற்கும்: அமெரிக்காவில் சராசரி மையம் மிசூரியில், இடைநிலை மையம் கிழக்கே இண்டியானாவில். தூரத்தில் மேற்குக் கடற்கரையில் இருப்பவர்கள் சராசரியை இழுப்பதுதான் காரணம்.

அப்ப கலெக்டர் ஆபீஸ், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் மக்கள்தொகை மையத்துல வெச்சா எல்லாருக்கும் தூரம் குறையும் இல்ல?

சராசரி மையம் அந்த வேலைக்கு ஆகாது. அது குறைப்பது தூரங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை. 40 கிலோமீட்டரில் இருக்கும் ஒருவரை 20 கிலோமீட்டரில் இருக்கும் நான்கு பேருக்குச் சமமாக மதிக்கிறது. எல்லாருடைய பயண தூரமும் கூட்டினால் குறைவாக இருக்க வேண்டும் என்றால் அதற்குத் தனிப் புள்ளி உண்டு. ஆனால் அதற்கு ஒரே வரியில் சூத்திரம் கிடையாது. உத்தேசமாக ஒரு புள்ளியில் ஆரம்பித்து, பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கு அதிக எடை, தூரத்து ஊர்களுக்குக் குறைந்த எடை கொடுத்து மறுபடி சராசரி எடுத்து, புள்ளி அசையாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 1937இல் வைஸ்ஃபெல்ட் எழுதிய முறை இது. ஒரு ஊரிலேயே பாதிக்கு மேல் ஆட்கள் இருந்தால் அந்தப் புள்ளி அந்த ஊரேதான்.

இதெல்லாம் பறவை பறக்கும் தூரம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004இல். அதற்கு முன்னால் தளி, அஞ்செட்டிப் பக்கத்து ஆட்களுக்கு மாவட்டத் தலைநகரம் தருமபுரி. வரைபடத்தில் தெரியும் தூரம் ஒன்று, மலையைச் சுற்றிப் பேருந்தில் வரும் தூரம் வேறு. அலுவலகம் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு சாலைத் தூரத்தையோ பயண நேரத்தையோதான் எடுக்க வேண்டும், இந்தப் பக்கத்தில் சொல்லும் மையங்களை எடுக்கக் கூடாது.

மாவட்டத்துக்கு ஒரு புள்ளி வெச்சு மொத்த மக்கள்தொகையையும் அதுல போட்டா போதுமா? கிராமம் கிராமமா எங்க தேடறது?

போட்டுப் பார்ப்போம். 2011இல் கிருஷ்ணகிரி மாவட்டம் 18.80 லட்சம், தருமபுரி மாவட்டம் 15.07 லட்சம். இரண்டையும் தலைநகரங்கள் மேலேயே வைத்தால் மையம் 12.346, 78.188. நான்கு ஊர் வைத்து எடுத்த புள்ளியிலிருந்து இது கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் தென்கிழக்கே. மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் ஓசூர்க்காரர்கள் எல்லாரையும் கிருஷ்ணகிரி நகரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம், அதுதான் பிழை. நான்கு ஊர்க் கணக்கும் சரியான விடை இல்லை. அந்த நான்கு ஊரிலும் சேர்த்து 2.82 லட்சம் பேர்தான், இரண்டு மாவட்டத்தின் 33.87 லட்சத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மீதிப் பேர் கிராமங்களிலும் மற்ற ஊர்களிலும் இருக்கிறார்கள், அவர்களை எண்ணவே இல்லை.

நாடு முழுவதற்கும் செய்யும்போது மாவட்ட அளவு ஓரளவு தாங்கும், ஏனென்றால் ஒரு மாவட்டத்தில் மேற்கே விழும் பிழையை இன்னொன்றில் கிழக்கே விழும் பிழை அடித்துவிடும். இரண்டு மாவட்டத்துக்கு மட்டும் செய்யும்போது அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கணக்கெடுப்பில் கிராம வாரியான மக்கள்தொகை வெளியிடுகிறார்கள், அதைக் கிராம எல்லை வரைபடத்தோடு சேர்த்தால் வேலை முடிந்தது. அந்த இரண்டிலும் ஊர்ப்பெயர் எழுத்து ஒத்துப்போகாமல் இருப்பதுதான் தலைவலி, அதனால் பெயரை விட்டுவிட்டு கிராமக் குறியீட்டு எண்ணை வைத்துச் சேருங்கள்.

போன் ஆப்ல எடுத்த எண்களைப் போட்டேன், மையம் கடல்ல விழுது. எங்க தப்பு?

தீர்க்கரேகைக்குப் பதில் யு.டி.எம். மீட்டர் எண்களை எடுத்திருப்பீர்கள். அந்த முறையில் உலகத்தை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 43, 44ஆம் மண்டலங்களின் எல்லை 78 பாகை, அது நேராக ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் போகிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் கிழக்குத் தூரம் தனியாக எண்ணப்படும். அதனால் ஓசூரில் நின்றால் சுமார் 8,07,000 என்றும், கிருஷ்ணகிரியில் நின்றால் சுமார் 1,97,000 என்றும் காட்டும். கிழக்கே போகிறோம், எண் குறைகிறது. இவற்றைக் கலந்து நம்ம நான்கு ஊருக்கும் சராசரி எடுத்தால் 4,51,000 போல வரும். அதை 44ஆம் மண்டலத்தில் வைத்தால் கல்பாக்கத்துக்குக் கிழக்கே வங்கக் கடலில் 40 கிலோமீட்டர் உள்ளே.

எல்லாப் புள்ளியையும் ஒரே மண்டலத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். QGISஇல் 44ஆம் மண்டலத்தின் குறியீடான `EPSG:32644` என்று ஒன்றையே கொடுத்து ஏற்றுமதி செய்தால் போதும். இந்தியா முழுவதற்கும் என்றால் யு.டி.எம்.மே வேண்டாம், பாகையிலேயே வைத்து cos சூத்திரம் போடுங்கள்.

180 பாகைக் கோட்டுல இருக்கிற நாட்டுக்கு என்ன பண்றது?

பிஜித் தீவுகளில் 179 கிழக்கும் உண்டு, 179 மேற்கும் உண்டு. மேற்கை மைனஸ் என்று போட்டுச் சராசரி எடுத்தால் பூச்சியம் வரும், அது இங்கிலாந்து வழியாகப் போகிற கோடு. மைனஸ் எண்களோடு 360 கூட்டிவிட்டுச் சராசரி எடுத்தால் 180 என்று சரியாக வரும். ரஷ்யாவுக்கும் இதே கதை. கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு புள்ளியையும் பூமியின் நடுவிலிருந்து x, y, z என்று மாற்றிச் சராசரி எடுக்கலாம். கிடைக்கும் புள்ளி பூமிக்குள்ளே இருக்கும், அதை நேராக மேலே தரைக்குக் கொண்டுவந்தால் மையம். இதில் 180 பாகைத் தொல்லையும் இல்லை, cos தொல்லையும் இல்லை.

மையம் நாட்டுக்கு வெளியிலேயே விழுந்தா அது தப்புன்னு அர்த்தமா?

தப்பில்லை. பிறை வடிவத்தில் வளைந்த நிலத்தின் சமநிலைப் புள்ளி வளைவின் உட்பக்கம் வெளியேதான் விழும், அட்டையில் வெட்டினாலும் அந்தரத்தில்தான் நிற்கும். கல் நட, பெயர் எழுத உள்ளே ஒரு புள்ளி வேண்டும் என்றால் QGISஇல் `Point on surface` எடுங்கள், அல்லது எல்லையிலிருந்து அதிகபட்சத் தூரத்தில் இருக்கும் புள்ளி வேண்டுமென்றால் `Pole of inaccessibility`. இரண்டும் மையம் இல்லை, மையம் என்று பெயர் போட்டு வெளியிடாதீர்கள்.

நான் போட்ட விடை சரியான்னு எப்படிச் சரிபார்க்கறது?

முதலில் புள்ளியை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கடலில் இருந்தால் மேலே சொன்ன மண்டலக் கலப்பு, அல்லது அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். 12, 78 என்பதை 78, 12 என்று கொடுத்தால் புள்ளி வடதுருவத்துக்குப் பக்கத்தில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் போய் நிற்கும்.

அடுத்து, பட்டியலில் பெரிய ஊர் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். புதிய மையம், பழைய மையம், எடுத்த ஊர் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், புதியது அந்த ஊருக்கு எதிர்ப்பக்கம் விலகியிருக்க வேண்டும். நம்ம பட்டியலில் ஓசூரை எடுத்தால் மீதி எடை 165, மையம் 12.286, 78.230க்குப் போகும். மூன்றையும் வரைபடத்தில் குறித்து அளவுகோலை வைத்துப் பாருங்கள். கோட்டை விட்டு விலகினால் ஏதோ ஒரு வரிசையில் எடையும் ஊரும் மாறிப்போயிருக்கிறது, பட்டியலை அகர வரிசைப்படுத்தும்போது ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்தியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.